கிராஃபைப் பேச 40 நொடி

கேள்வி: பிடிஇ ஆங்கிலத் தேர்வின் ஸ்பீக்கிங்கில் கிராஃப் வந்தால் 40 நொடியில் என்ன பேசுவது? டெம்ப்ளேட்டை மனப்பாடம் பண்ணினால் போதுமா?

போதாது. இதை அடித்துச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. நான் திருச்சியில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்குப் பொருளியல் எடுத்தவள். ஒரு கோடு ஏன் ஏறுகிறது, எங்கே வளைகிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதுதான் என் வேலையாக இருந்தது. ஆஸ்திரேலியா விசாவுக்காக நானே பிடிஇ எழுத வேண்டி வந்தபோது ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்தேன். முதல் நாளே கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். எந்தப் படம் வந்தாலும் அதையே ஒப்பிக்க வேண்டுமாம். எண்களை மட்டும் நடுநடுவே செருக வேண்டுமாம். நீங்களும் அப்படி ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

தேர்வில் நடப்பது இதுதான். படம் திரையில் வந்ததும் பார்த்துக்கொள்ள 25 நொடி. பிறகு ஒரு பீப் ஒலி. அதன்பின் பேச 40 நொடி. பீப்புக்கு முன்னால் பேசுவது பதிவாகாது. பேச ஆரம்பித்தபின் 3 நொடி மௌனமாக இருந்தால் மைக் மூடிவிடும், மறுபடி திறக்காது. மதிப்பெண் மூன்று தலைப்பில் வருகிறது: உள்ளடக்கம், சரளம், உச்சரிப்பு. உள்ளடக்கத்தில் பூஜ்யம் வாங்கினால் மற்ற இரண்டையும் கணக்கில் எடுக்கவே மாட்டார்கள். (ஐஈஎல்டிஎஸ்ஸோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அங்கே கிராஃப் எழுத்துத் தேர்வில் வருவது, பேச்சில் வராது.)

எனக்கு அந்தத் தாள்மேல் நம்பிக்கை இல்லை. அதனால் அதை ஒரு சோதனைக்கு வைத்தேன். நான் வகுப்பில் வழக்கமாகக் காட்டும் படம் ஒன்று உண்டு: இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 1951 முதல் 2011 வரை ஆண், பெண் எழுத்தறிவு விகிதம். இரண்டு கோடுகள், கோட்டுக்கு ஏழு புள்ளிகள். திண்டுக்கல்லில் இருக்கும் என் தங்கையைப் போனில் அழைத்து, "நான் பேசுவதைக் கேட்டு ஒரு தாளில் அந்தக் கிராஃபை வரைந்து அனுப்பு" என்றேன். முதலில் பயிற்சி மையத்துத் தாளில் இருந்தபடியே பேசினேன். படம் மிகவும் பயனுள்ள தகவலைத் தருகிறது, மிக அதிக மதிப்பு இது, மிகக் குறைந்த மதிப்பு இது, மொத்தத்தில் முக்கியமான படம் என்று போகும் அது. தங்கை வரைந்து அனுப்பியதில் இரண்டு கோடுகள் தண்டவாளம்போலப் பக்கத்தில் பக்கத்தில் ஏறின. "அக்கா, மேலே ஒரு எண், கீழே ஒரு எண் சொன்னே. நடுவுல என்ன நடந்துச்சுன்னு நீ சொல்லவே இல்லையே" என்றாள்.

அவள் கேட்டதுதான் விஷயம். அந்தப் படத்தில் பார்க்க வேண்டியதே நடுவில்தான் இருக்கிறது. 1951இல் ஆண்கள் சுமார் 27 சதவீதம், பெண்கள் 9. இடைவெளி 18. அதற்குப் பிறகு இரண்டு கோடும் ஏறுகின்றன, ஆனால் ஆண்களின் கோடு மொத்தத்தில் அதிகமாக ஏறி இடைவெளி விரிகிறது, நடுவில் 1971இல் மட்டும் சற்றுக் குறைகிறது. 1981இல் 56க்கு 30, இடைவெளி 26. அங்கிருந்து திருப்பம். பெண்களின் கோடு செங்குத்தாகி, 2011இல் 81க்கு 65 என்று நெருங்கி வருகிறது. இடைவெளி 16. மிக அதிகம், மிகக் குறைவு என்று இரண்டு எண்ணை மட்டும் சொல்பவருக்கு இந்த விரிதலும் சுருங்குதலும் கண்ணிலேயே படாது. (சரிபார்க்க வருபவர்களுக்கு: 1971 வரை 5 வயதுக்கு மேற்பட்டவர்களையும், 1981 முதல் 7 வயதுக்கு மேற்பட்டவர்களையும் கணக்கில் எடுத்தார்கள் என்பது எனக்குத் தெரியும். இங்கே நான் பேசுவது படத்தைப் படிப்பதைப் பற்றி மட்டும்.)

எனவே 25 நொடியை நான் இப்படிச் செலவழித்தேன். முதலில் தலைப்பும் அலகும். அலகைப் பார்க்காமல் பாய்ந்தால் ஆயிரங்களில் உள்ள எண்ணைச் சும்மா எண்ணாகச் சொல்லிவிடுவோம். நமக்கு லட்சமும் கோடியும் பழக்கம், படத்தில் மில்லியன் இருக்கும். அதை அப்படியே மில்லியனாகவே வாசிக்க வேண்டும், மனதுக்குள் மாற்றிக்கொண்டிருக்க நேரம் இல்லை. அடுத்து, கோடுகள் தொடங்கும் இடமும் முடியும் இடமும். கடைசியாக, ஏதாவது திரும்பும் இடம். உதாரணப் படத்துக்கு, கொடுக்கும் எழுதுபலகையில் ஆறே எண்களை எழுதினால் போதும்: 27, 9, 56, 30, 81, 65. மற்ற எட்டுப் புள்ளிகளையும் விட்டுவிட வேண்டும். விட மனசு வராதவர்கள்தான் 40 நொடி முடியும்போது 1971இல் நின்றுகொண்டிருப்பார்கள்.

பேச்சு இப்படி வரும். "தி லைன் கிராஃப் ஷோஸ் தி லிட்டரசி ரேட்ஸ் ஆஃப் மென் அண்ட் விமன் இன் இந்தியா ஃப்ரம் 1951 டு 2011. போத் ரேட்ஸ் ரோஸ் த்ரூஅவுட் தி பீரியட்." படம் எதைப் பற்றியது, மொத்தத்தில் என்ன நடந்தது என்ற இரண்டும் முதல் 10 நொடிக்குள் முடிந்துவிட்டன. படம் இப்போது காட்டுவதால் "ஷோஸ்", நடந்தது கடந்த காலம் என்பதால் "ரோஸ்". இந்த இரண்டு காலத்தையும் கலக்கக்கூடாது. வருங்கால மதிப்பீடு உள்ள படமாக இருந்தால் அந்தப் பகுதிக்கு மட்டும் "இஸ் எக்ஸ்பெக்டட் டு ரைஸ்".

அடுத்து ஒப்பீடு. "இன் 1951, தி மேல் ரேட் வாஸ் 27 பெர்சன்ட், த்ரீ டைம்ஸ் தி ஃபீமேல் ரேட் ஆஃப் 9 பெர்சன்ட்." இரண்டு எண்ணைத் தனித்தனி வாக்கியத்தில் சொன்னால் அது பட்டியல் வாசிப்பு. "த்ரீ டைம்ஸ்" என்ற ஒரு சொல் வந்ததும் அது ஒப்பீடாகிறது. பிறகு திருப்பம். "தி கேப் வாஸ் வைடஸ்ட் இன் 1981, வென் மென் வேர் அட் 56 பெர்சன்ட் அண்ட் விமன் அட் ஒன்லி 30. ஆஃப்டர் தட் இட் நேரோட், அண்ட் பை 2011 தி ஃபிகர்ஸ் வேர் 81 அண்ட் 65." முடிவாக: "ஓவரால், விமன் ஸ்டார்ட்டட் ஃபார் பிஹைண்ட், பட் தே ஹேவ் பீன் கேட்சிங் அப் சின்ஸ் 1981."

அவசரப்படாமல் பேசினால் இது 40 நொடிக்குள் அடங்கும். இதைப் போனில் கேட்டுவிட்டுத் தங்கை வரைந்தபோது கோடுகள் முதலில் விலகி, 1981இல் அதிகம் பிரிந்து, பிறகு நெருங்கின. வளைவுகள் அச்சு அசலாக இல்லை, ஆனால் பார்த்த எவரும் அதே படம் என்று சொல்லியிருப்பார்கள். அதற்குப் பிறகு எந்தப் படத்தைப் பயிற்சி செய்தாலும் அவளிடம் ஒப்படைத்தேன். நீங்கள் பேசியது உள்ளடக்கமா, வெறும் சத்தமா என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வழி எனக்குத் தெரிந்து இல்லை. வீட்டில் யார் கிடைத்தாலும் உட்கார வைத்து வரையச் சொல்லுங்கள்.

அவள் வரைந்த தாள்களில்தான் இரண்டு விஷயங்கள் பளிச்சென்று தெரிந்தன. ஒன்று, "பை", "டு" என்ற இரண்டு சின்னச் சொற்கள். பெண்கள் விகிதம் 30லிருந்து 65ஆக ஆனது, அதாவது "ஃப்ரம் 30 டு 65". கூடியது 35. வேகத்தில் "ரோஸ் பை 65" என்று வந்துவிட்டால் கேட்பவர் கோட்டை 95க்குக் கொண்டுபோய் விடுவார். "ரோஸ் பை 35 பெர்சன்ட்" என்பதும் தவறுதான். 30லிருந்து 35 சதவீதம் கூடினால் 40.5தான் வரும். கூடியது 35 சதவீதப் புள்ளிகள், ஆங்கிலத்தில் "பெர்சன்டேஜ் பாயின்ட்ஸ்". தேர்வறையில் இந்தக் கணக்குக்கெல்லாம் போகவே வேண்டாம். "ஃப்ரம்" போட்டுத் தொடக்கத்தையும் "டு" போட்டு முடிவையும் சொல்லிவிட்டால் சிக்கலே எழாது.

இன்னொன்று, அலங்காரச் சொற்கள். பயிற்சி மையங்களில் "ஃப்ளக்சுவேட்டட்", "ஷார்ப்லி", "கிராஜுவலி" என்று ஒரு வரிசை தருவார்கள், மாற்றி மாற்றிப் போடச் சொல்வார்கள். ஒவ்வொரு சொல்லும் ஒரு வடிவம். ஒருமுறைகூட இறங்காத கோட்டுக்கு "ஃப்ளக்சுவேட்டட்" என்றால் கேட்பவர் மேலும் கீழுமாகக் கோணல்மாணலாகத்தான் வரைவார். "ஷார்ப்லி" என்பது பக்கத்துக் கோட்டையோ முந்தைய பத்தாண்டையோவிடச் செங்குத்தாக இருந்தால் மட்டும். கோட்டைப் பார்த்த பிறகு சொல்லைத் தேடுங்கள். தோன்றவில்லை என்றால் வெறும் "ரோஸ்", "ஃபெல்" போதும், எண்கள் மீதியைச் சொல்லிவிடும்.

"டெம்ப்ளேட்டை வைத்துத்தான் 79 வாங்கினேன்" என்று எழுத வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் மதிப்பெண்ணை நான் மறுக்கவில்லை. "தி லைன் கிராஃப் ஷோஸ்" என்று நான் தொடங்குவதும் பழகிய வாக்கியம்தான். தொடக்கம் தடங்கலில்லாமல் வர அது உதவுகிறது. ஒரு வாக்கியம் பழகியதாக இருக்கலாம், ஆறு வாக்கியமும் எந்தப் படத்துக்கும் பொருந்தும்படி இருந்தால் எதையும் விவரிக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

கேள்விக்கு வெளியே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். தேர்வுக்குப் பதிவு செய்யும்போது பாஸ்போர்ட்டில் உள்ள பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். நம்மில் பலருக்கு அப்படி ஒன்று கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்துதான். பாஸ்போர்ட் எடுக்கும்போது அந்த இனிஷியலை விரித்து எழுதச் சொல்வார்கள், அதனால் தேர்வு மையத்தில் என்னை முழுக்க முழுக்க அப்பா பெயரால்தான் அழைத்தார்கள். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள என் தோழி அந்தக் கட்டத்தை என்ன செய்வது என்று கேட்டு மின்னஞ்சலுக்கு மேல் மின்னஞ்சல் அனுப்பினாள். கட்டணம் கட்டிய ஒருவரைத் தன் பெயர் எது என்று நிரூபிக்க அலைய விடுவது அநியாயம். கோடிக்கணக்கானவர்களுக்கு வழக்கமே இதுதான் என்று அந்தப் படிவத்தைச் செய்தவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும். நீங்கள் பதிவு செய்யுமுன் பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பார் சார்ட்டில் பத்துப் பட்டைகள் இருந்தால்? எல்லாவற்றையும் வாசிக்காதீர்கள். பெரியது, சிறியது, இரண்டாவதாக வருவது பெரியதற்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். பை சார்ட் ஒரே ஆண்டுக்கு உரியது என்றால் அதில் ஏற்றமும் இறக்கமும் கிடையாது. அங்கே "இன்க்ரீஸ்டு" என்ற சொல்லே வரக்கூடாது, "அக்கவுன்ட்ஸ் ஃபார்" என்று பங்கைச் சொல்ல வேண்டும். ஒரு எண்ணைத் தப்பாகச் சொல்லிவிட்டால் திரும்பிப்போய்த் திருத்தாதீர்கள். திருத்தும் தடுமாற்றத்தால் சரளத்தில் மதிப்பெண் குறையும், மைக்கும் மூடிக்கொள்ளலாம். அடுத்த எண்ணைச் சரியாகச் சொல்லிக்கொண்டு மேலே போங்கள்.