கேள்வி ஒரு பக்கம், பதில் வேறு பக்கம்: ஏஜிஎம் பதிவைச் சுருக்கும் வேலை

வேலைத் தேர்வுக்காக ஒரு ஆய்வு நிறுவனம் ஏஜிஎம் எனப்படும் பங்குதாரர் ஆண்டுப் பொதுக்கூட்டத்தின் ஒளிப்பதிவைக் கொடுத்து, "பங்குதாரர்கள் கேட்ட கேள்விகளையும் நிர்வாகம் சொன்ன பதில்களையும் இரண்டு பக்கத்துக்குள் சுருக்கிக் கொடுங்கள்" என்று கேட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வணிகவியல் இறுதியாண்டு மாணவியான உங்களுக்குக் கணக்கு புரியும். இங்கே பலர் தடுமாறுவது கணக்கில் இல்லை, இணைப்பதில்தான்.

இத்தகைய கூட்டங்கள் பலவற்றில் கேள்விக்கு உடனே பதில் வருவதில்லை. பத்துப் பன்னிரண்டு பங்குதாரர்கள் வரிசையாகப் பேசி முடிப்பார்கள். அதன் பிறகு தலைவர் எல்லாவற்றுக்கும் மொத்தமாகப் பதில் சொல்வார். "டிவிடெண்ட் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள்" என்று தொடங்கி, நாலு பேர் நாலு விதமாகக் கேட்டதை ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார். யார் கேட்டது எதற்குப் பதில் வந்தது, எது நழுவிப் போனது என்று கண்டுபிடிப்பதுதான் உங்கள் வேலை.

அதனால் பதிவை ஓடவிடும் முன் கூட்ட அறிவிப்பையும் ஆண்டறிக்கையையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். இயக்குநர்களின் பெயர்கள், தீர்மானங்கள், முக்கிய எண்கள் எல்லாம் அவற்றில் இருக்கும். முதல் முறை கேட்கும்போது கேள்விகளை மட்டும் எழுதுங்கள். ஒருவர் வாழ்த்து, பாராட்டு, ஆதங்கம் எல்லாம் கலந்து மூன்று நிமிடம் பேசுவார். அதற்குள் உண்மையான கேள்வி இரண்டோ மூன்றோதான் இருக்கும். ஒவ்வொன்றையும் தனி வரியாகப் பிரித்து, "பங்குதாரர் 3, கேள்வி 2" என்று எண்ணும் நேரக்குறிப்பும் போடுங்கள். பதில் பகுதியை இரண்டாம் முறை கேட்டு, ஒவ்வொரு பதிலையும் அதற்குரிய வரியில் சேருங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு பங்குதாரர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: "வாடிக்கையாளர்களிடமிருந்து பணம் வசூலாகும் காலம் 60 நாளிலிருந்து 85 நாளாக ஏன் கூடியது? ஆறு மாதத்தைத் தாண்டிய பாக்கி எவ்வளவு? அதற்கு ஒதுக்கீடு செய்திருக்கிறீர்களா?" நிதித்துறைத் தலைவரின் பதில்: "ஒரு பெரிய வாடிக்கையாளர் தாமதித்தார். ஆண்டு முடிந்த பிறகு அதில் ஒரு பகுதி வந்துவிட்டது. மீதியும் விரைவில் வரும் என எதிர்பார்க்கிறோம்."

"வசூல் கட்டுப்பாட்டில் உள்ளது என நிர்வாகம் விளக்கியது" என்று எழுதினால் தேர்வில் மதிப்பெண் போச்சு. அப்படி யாரும் சொல்லவே இல்லை. இங்கே கேட்டது மூன்று, பதில் வந்தது முதல் கேள்விக்கு மட்டும். நான் இப்படி எழுதுவேன்: "வசூல் காலம் கூடியதற்கு ஒரு பெரிய வாடிக்கையாளரின் தாமதமே காரணம். ஒரு பகுதி ஆண்டு முடிவுக்குப் பின் வந்தது. மீதி விரைவில் வரும் என எதிர்பார்ப்பு. தொகையோ தேதியோ சொல்லவில்லை. ஆறு மாதத்தைத் தாண்டிய பாக்கி, ஒதுக்கீடு: பதில் இல்லை." படிப்பவருக்குக் கடைசி வரிதான் தங்கம். முதலீட்டு ஆய்வாளர் அடுத்து எதைத் துருவ வேண்டும் என்று அது காட்டிக்கொடுக்கிறது.

"எதிர்பார்க்கிறோம்", "பரிசீலிக்கிறோம்", "வாரியம் முடிவு செய்யும்" போன்ற சொற்களை அப்படியே வையுங்கள். "பரிசீலிக்கிறோம்" என்றதை நீங்கள் "செய்வார்கள்" என்று மாற்றினால், நிறுவனம் தராத வாக்குறுதியை நீங்கள் தந்துவிடுகிறீர்கள். "மின்னஞ்சலில் பதில் அனுப்புகிறோம்" என்றால் அதையும் தனியாகக் குறியுங்கள். அது பதில் இல்லாததற்குச் சமம் அல்ல, பதிலும் அல்ல.

எண்களில் காது ஏமாற்றும். ஆங்கிலத்தில் ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் மோசமான ஒலிப்பதிவில் ஒன்றுபோலவே கேட்கும். ஆண்டறிக்கையில் உள்ள எண் என்றால் அங்கே சரிபாருங்கள். தாய் நிறுவனத்தின் தனிக் கணக்கா, துணை நிறுவனங்களையும் சேர்த்த கணக்கா என்றும் பாருங்கள். மேடையில் சொன்ன எண்ணும் அறிக்கையில் உள்ள எண்ணும் வேறுபட்டால், நீங்களாகத் திருத்தாதீர்கள். சொன்னதைச் சொன்னபடி எழுதி, அறிக்கையில் இருப்பதை அடியில் குறிப்பாகக் கொடுங்கள்.

அலுவல்முறைக் கூட்டக் குறிப்பை எழுதுவது நிறுவனச் செயலரின் பொறுப்பு. உங்களிடம் கேட்பது அது இல்லை. ஆகவே வரவேற்புரை, வாக்கெடுப்பு நடைமுறை இவற்றுக்கு ஒரு வரி போதும். கேள்விகளைப் பேசிய வரிசையில் அடுக்காமல் பொருள்வாரியாகச் சேருங்கள். ஒரே கேள்வியை நால்வர் கேட்டிருந்தால் ஒருமுறை எழுதி, நால்வர் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அனுப்பும் முன் ஒரு கூட்டல் போடுங்கள். நால்வர் கேட்டதை ஒன்றாகச் சேர்த்திருந்தால் இங்கே அதை நான்காகவே எண்ணுங்கள். முழுப் பதில் வந்தவை, பாதி வந்தவை, பின்னர் தருவதாகச் சொன்னவை, பதிலே வராதவை ஆகிய நான்கின் கூட்டுத்தொகை, நீங்கள் முதலில் எழுதிய கேள்விகளின் எண்ணிக்கையோடு ஒத்துப்போக வேண்டும். குறைந்தால் ஏதோ ஒரு வரி விடுபட்டிருக்கிறது. நேரக்குறிப்பைப் பிடித்து அந்த இடத்துக்கே திரும்பிப் போங்கள்.