மசித்த உருளைக்கிழங்கு பசையாவது ஏன்? கேள்வி பதில்

கேள்வி: வெந்த கிழங்கை மிக்ஸியில் இரண்டு சுற்றுதான் விட்டேன்; பசை மாதிரி இழுபடுகிறது. கிழங்கு சரியில்லையா?

பதில்: கிழங்கைவிட பிளேடுதான் காரணம். கிழங்கின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இருக்கும் மாவுச்சத்து, வேகும்போது நீரை உறிஞ்சி உப்பிக் கூழாகிறது. செல்லின் சுவர் கிழியாதவரை அந்தக் கூழ் உள்ளேயே நின்றுவிடும். செல்களைப் பிணைத்திருந்த பெக்டின் வெப்பத்தில் இளகிவிடுவதால், மெல்ல அழுத்தினாலே அவை முழுதாகப் பிரிந்து வரும். நாவில் மிருதுவாகத் தெரிவது அதுதான். சுழலும் பிளேடோ செல்களைக் கிழித்துக் கூழை வெளியே விட்டுவிடுகிறது. அதற்கு இரண்டு சுற்றே தாராளம்.

கேள்வி: பச்சைக் கிழங்கை நறுக்கி நன்றாக அலசினால் மாவுச்சத்து போய்விடுமே, பிறகு மிக்ஸி ஆகாதா?

பதில்: அலசுவது நல்லதுதான். ஆனால் அதில் போவது கத்தி பட்ட இடத்து மாவு மட்டுமே. உள்ளிருப்பது அப்படியே இருக்கும். மிக்ஸி ஆகாது.

கேள்வி: லண்டனில் இருக்கிறேன். சார்லட் கிழங்கைக் கையால்தான் மசித்தேன், அதுவும் பசையாகிவிட்டது.

பதில்: சார்லட் சாலட்டுக்கு உரிய கெட்டியான இனம். வெந்த பிறகும் அதன் செல்கள் எளிதில் பிரியாததால், கட்டி உடையும்வரை மேலும் மேலும் குத்துகிறோம். அந்தக் குத்தலில் செல்கள் கிழிகின்றன. உங்கள் ஊரில் மாரிஸ் பைப்பர் அல்லது கிங் எட்வர்ட் வாங்குங்கள்; அமெரிக்காவில் ரஸ்ஸட் இதற்கு இணை, யூகான் கோல்ட் இடைப்பட்டது. ஆனாலும் இனமே எல்லாம் என்று சொல்லிவிட முடியாது. பிரெஞ்சு சமையற்கலைஞர் ஜோயல் ரொபுஷோன் தம் புகழ்பெற்ற மசியலுக்கு எடுத்தது ராட் என்னும் கெட்டி இனத்தைத்தான். தோலோடு வேகவைத்து, கைச்சுழற்சிச் சல்லடையில் தேய்த்து இறக்கி, கிலோவுக்கு கால் கிலோ வெண்ணெய் சேர்த்தார். அவ்வளவு வெண்ணெய் நம் வீட்டுக்கு ஒத்துவருமா என்பது வேறு விஷயம்.

கேள்வி: ரைசர் என்கிறார்களே, அது இல்லாமல் முடியாதா?

பதில்: இடியாப்ப அச்சு இருந்தால் போதும், இரண்டும் கிழங்கை நேராக அழுத்தித் துளை வழியே வெளியேற்றுபவைதாம். கிழங்கை வடித்த பிறகு அதே பாத்திரத்தில் சிறு தீயில் ஆவி அடங்கும்வரை புரட்டி, சூடு ஆறுவதற்குள் ஒரே ஒரு முறை பிழியுங்கள். முதலில் வெண்ணெய், பிறகு சூடான பால் சேர்த்துக் கரண்டியால் மடித்துக் கலக்குங்கள், அடிக்கக் கூடாது. ஆறிய கிழங்கைப் பிழிந்தால் அச்சிலும் பசை வரும்.

கேள்வி: ஃப்ரிட்ஜில் வைத்த கிழங்கு இனிக்கிறது, அதனாலா பசை?

பதில்: இல்லை. குளிரில் மாவுச்சத்தின் ஒரு பகுதி சர்க்கரையாவதால் வரும் இனிப்பு அது, பசைக்குத் தொடர்பில்லை.

கேள்வி: பசையாகிவிட்டதைத் திருத்த வழி உண்டா?

பதில்: கிழிந்த செல் மூடாது. பால் ஊற்றினால் தளருமே தவிர வழவழப்பு போகாது. சூப்பில் கரைத்துவிடுங்கள்; அங்கே அந்தக் கெட்டிப்புதான் வேண்டும்.