'ங்க' எங்கிருந்து வந்தது?

கேள்வி: துறைமுகம் பக்கம் ஷிப்பிங் ஆபீஸ்ல பக்கத்து சீட்டு நண்பன். எட்டு மாசமா "இன்னாபா, துன்னியா?"ன்னுதான் பேச்சு. மூணு வாரமா "சாப்பிட்டீங்களா", "தொந்தரவுக்கு மன்னிச்சிருங்க"ன்றான். கேட்டா ஒண்ணுமில்லைன்றான். போன மாசம் எட்டாயிரம் கைமாத்து வாங்கினான். நான் திருப்பிக் கேக்கவே இல்ல. என்மேல கோபமா?
- வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: கோபமாக இருக்காது. கடன் வாங்கிய கூச்சம் என்றே படுகிறது.

உங்கள் பக்கத்தில் "வாபா, போபா" என்பது வயது பார்க்காத உரிமைப் பேச்சு. அதை விட்டு ஒருவர் 'ங்க'வுக்குப் போனால் காரணம் உண்டு. பெனலபி பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் என்ற இரு ஆய்வாளர்கள் மரியாதைப் பேச்சை அலச எடுத்துக்கொண்ட மூன்று மொழிகளில் தமிழும் ஒன்று. அவர்கள் கணக்கில் மரியாதை கூட மூன்று காரணங்கள்: நெருக்கம் குறைவது, ஒருவர் கை ஓங்குவது, கேட்கிற உதவி பெரிதாவது. உங்கள் விஷயத்தில் பின்னிரண்டும் ஒரே நாளில் நடந்திருக்கின்றன. அதுவரை சமமாக இருந்தவருக்கு நீங்கள் இப்போது கடன் கொடுத்தவர்.

உறுதி செய்ய வாட்ஸ்அப்பில் மேலே போய் முதல் 'ங்க' எந்தத் தேதியில் வந்தது என்று பாருங்கள். பணம் கைமாறிய தேதியை ஒட்டியிருந்தால் சந்தேகமே வேண்டாம். கோபக்காரரின் மரியாதை சுருக்கமாக இருக்கும்: "சரிங்க", அதோடு நின்றுவிடும். கூச்சப்படுகிறவரின் மரியாதை நீளும். நன்றியும் மன்னிப்பும் தேவையில்லாத இடத்தில் வந்து விழும். சாப்பிட்டீர்களா என்று அவரே கேட்கிறாரே, கோபக்காரர் அதைக் கேட்க மாட்டார். மற்றவர்களிடமும் இப்படித்தான் பேசுகிறாரா என்றும் கவனியுங்கள். எல்லோரிடமும் என்றால் காரணம் வேறு. மேலதிகாரி ஏதாவது சொல்லியிருக்கலாம்.

பெருந்தன்மை என்று நினைத்து நீங்கள் பணத்தைக் கேட்காமல் இருப்பதுதான் தவறு. தவணை பேசாத கடனில், எதிரில் வரும்போதெல்லாம் 'இன்றைக்குக் கேட்பாரோ' என்று அவருக்கு அடித்துக்கொள்ளும். நீங்களே ஆரம்பியுங்கள்: "சம்பளம் வந்ததும் மாசம் ரெண்டாயிரம் குடுபா, நாலு மாசத்துல முடிஞ்சிரும்." தனியாக, டீ குடிக்கும்போது, ஒரே ஒரு தடவை. "ஏன் மாறிட்டே?" என்று மறுபடி கேட்காதீர்கள், "ஒண்ணுமில்லைங்க" என்பார். நீங்களும் பதிலுக்கு 'ங்க' போட்டால், தான் நினைத்தது சரிதான் என்று இன்னும் ஒதுங்குவார். உங்கள் 'பா'வை விடாதீர்கள்.

அதோடு அவரிடம் ஒரு சின்ன உதவி கேளுங்கள். "ஞாயித்துக்கெழமை காசிமேடு போனா எனக்கும் அரை கிலோ நெத்திலி வாங்கியாபா." வாங்கி வந்தால் மீனுக்கான காசைக் கையில் கொடுங்கள், கடனில் கழிக்க வேண்டாம், கழித்தால் உதவி போய் மறுபடி கணக்குதான் நிற்கும்.

இரண்டு தவணை வந்த பிறகும் 'ங்க' போகவில்லை என்றால் காரணம் பணமல்ல, தள்ளி நிற்க அவரே முடிவு செய்திருக்கிறார். அப்போது இழுத்துப் பிடிக்காதீர்கள்.