கண்சிமிட்டலா, குத்தலா? அலுவலக அரட்டை முகங்கள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: வேலையில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. நான் அனுப்பிய அறிக்கையில் ஒரு கூட்டுத்தொகை தவறாகிவிட்டது. எங்கள் மூத்தவர் எல்லோரும் இருக்கும் குழுவில் "அருமையான அறிக்கை 😏" என்று எழுதினார். அவரே முந்தைய வாரம் "நீங்கள் கொண்டுவந்த முறுக்கைக் கடித்து என் பல் போய்விட்டது, நஷ்டஈடு வேண்டும் 😉" என்று எழுதியிருந்தார். இரண்டுமே கிண்டல்தான் என்கிறார்கள் மற்றவர்கள். முறுக்குக்குச் சிரித்தேன், அறிக்கைக்கு வலித்தது. (தணிக்கை அலுவலக ஊழியர், சென்னை)

பதில்: நீங்கள் சரியாகத்தான் உணர்ந்திருக்கிறீர்கள். முகத்தை விரலால் மறைத்துக்கொண்டு, வாக்கியத்தை மட்டும் படித்துப் பாருங்கள். முறுக்கு வரி உங்கள் மீது குறை சொல்கிறது. அறிக்கை வரி உங்களைப் பாராட்டுகிறது. இப்போது விரலை எடுங்கள். கண் சிமிட்டும் முகமோ உதட்டோரச் சிரிப்போ செய்யும் வேலை ஒன்றுதான்: "எழுதியிருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதே" என்று சொல்வது. குறையைப் புரட்டினால் அன்பு வெளிப்படும். பாராட்டைப் புரட்டினால் ஏளனம் வெளிப்படும். பள்ளியில் வஞ்சப்புகழ்ச்சி அணி படித்தோமே, அதன் இரண்டு பக்கங்கள்தான் இவை.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். உங்கள் முறுக்கால் யாருக்கும் பல் போகவில்லை என்பது குழுவில் எல்லோருக்கும் தெரியும். ஜெஃப்ரி லீச் என்ற ஆங்கில மொழியியலாளர் 1983இல் நட்புக் கிண்டலை விளக்கியபோது இதைத்தான் அழுத்திச் சொன்னார்: சொல்லும் குறை வெளிப்படையாகவே பொய்யாக இருக்க வேண்டும். அப்போதுதான் "இப்படிப் பேசும் அளவுக்கு நாம் நெருக்கம்" என்ற பொருள் கேட்பவரைச் சேரும். உங்கள் கூட்டுத்தொகையோ உண்மையாகவே தவறு. உண்மையான தவறின் மேல் போலிப் பாராட்டு, அதுவும் மூத்தவரிடமிருந்து புதியவருக்கு, எல்லோர் முன்னிலையிலும். அதை நான் கிண்டல் என்று ஏற்கமாட்டேன். அவர் கெட்ட மனிதர் என்று இதற்குப் பொருளில்லை. அந்த ஒரு வரி குத்தல்.

கேள்வி: எங்கள் குழுவுக்கு நான் ஒரு விதி சொல்லி வைத்திருக்கிறேன். 😉 என்றால் நட்பு, 🙄 என்றால் அவமதிப்பு. இதைப் பின்பற்றினால் சண்டையே வராது. சரிதானே? (குழுத் தலைவர், கோவை)

பதில்: பாதி சரி. 😉 நட்பின் அடையாளம் அன்று. இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், கண் சிமிட்டும் முகத்தோடு முடியும் வாக்கியத்தைப் படிக்கும்போது, சொற்களாலேயே எதிர்ப்பொருள் தரும் வாக்கியத்தைப் படிக்கும்போது தோன்றும் மூளை அலைகளே பதிவாயின. அதாவது, மூளை அதை வாக்கியத்தைப் புரட்டும் குறியாக எடுத்துக்கொள்கிறது. புரட்டிய பிறகு கிடைப்பது அன்பா, வெறுப்பா என்று அந்த முகம் சொல்வதில்லை.

🙄 பற்றிய உங்கள் எச்சரிக்கை நியாயமானது. ஆனால் அந்தக் கண் எதைப் பார்த்து உருள்கிறது என்று கேளுங்கள். "சர்வர் மறுபடியும் படுத்துவிட்டது 🙄" என்றால் இருவரும் ஒரே பக்கம் நின்று மூன்றாவது ஒன்றின் மேல் சலித்துக்கொள்கிறார்கள். அது உறவை நெருக்கமாக்கும். ஒருவர் முன்வைத்த யோசனைக்குக் கீழே, வேறு ஒரு சொல்லும் இல்லாமல் 🙄 மட்டும் வந்தால் அங்கே புரட்டிப் பார்க்க வாக்கியமே இல்லை. எஞ்சுவது "இதற்குப் பதில் சொல்லவும் எனக்கு மனமில்லை" என்பதுதான். இந்த மூன்று முகங்களில் நான் மிகவும் அஞ்சுவது இப்படித் தனியாக வரும் 🙄 முகத்தைத்தான். உங்கள் குழுவுக்கு ஒரு விதி வேண்டுமென்றால், ஒருவர் சொன்னதற்கு அதைத் தனிப் பதிலாக இடக் கூடாது என்று மட்டும் சொல்லுங்கள்.

கேள்வி: ஐயா, நான் கணக்குப் பிரிவில் இருக்கிறேன், ஓய்வு பெற இரண்டு ஆண்டு இருக்கிறது. மேலாளர் ஒரு கேள்வி கேட்டார். "யோசித்துச் சொல்கிறேன்" என்ற பொருளில், மேலே பார்க்கும் அந்த 🙄 முகத்தை அனுப்பினேன். அன்றிலிருந்து அவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. யோசிக்கிற முகம்தானே அது? (மதுரை)

பதில்: உங்களைப் போல நினைத்து அனுப்புகிறவர்கள் நிறையப் பேர், ஐயா. பேச்சில் நாம் யோசிக்கும்போது கண்கள் மேலே போவது இயல்புதானே. இந்த முகம் 2015இல்தான் பொதுப் பட்டியலில் சேர்ந்தது. சாம்சங் கைபேசிகளில் 2018 வரை அதன் வாயோரம் லேசான புன்னகை இருந்தது. அனுப்பியவர் இனிமையான முகத்தைப் பார்த்து அனுப்ப, வேறு கைபேசி வைத்திருந்தவருக்குச் சலிப்பு முகம் போய்ச் சேர்ந்தது. இப்போது பெரும்பாலும் எல்லாக் கைபேசிகளிலும் அது சலிப்பு முகம்தான். யோசிப்பதற்குத் தாடையில் கை வைத்த 🤔 இருக்கிறது. மேலாளரிடம் நேரில் போய், "யோசித்துச் சொல்கிறேன் என்றுதான் அதை அனுப்பினேன், அதன் பொருள் எனக்கு இப்போதுதான் தெரிந்தது" என்று சொல்லுங்கள். மன்னிப்புக் கடிதமெல்லாம் தேவையில்லை.

கேள்வி: நான் கிண்டல் செய்வது அலுவலகம் முழுக்கத் தெரியும். 😏 போட்டால் விளையாட்டு என்று யாருக்கும் புரியும். இப்போது திடீரென்று ஒருவர் புகார் கொடுத்திருக்கிறார். இது அநியாயம் இல்லையா? (விற்பனைப் பிரிவு, திருச்சி)

பதில்: புரியும் என்பது உங்கள் நம்பிக்கை. 2005இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்றில், மின்னஞ்சலில் எழுதிய வரிகளில் எது குத்தல், எது நேர்ப்பேச்சு என்பதை நூற்றுக்கு 78 முறை படிப்பவர் கண்டுகொள்வார் என்று எழுதியவர்கள் எதிர்பார்த்தார்கள். உண்மையில் கண்டுகொண்டது 56 முறை. கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே 50 வரும். அந்த வரிகளில் முகங்கள் இல்லை என்பது உண்மை. முகம் சேர்ந்தால் "இது நேர்ப்பேச்சு அன்று" என்பது இன்னும் தெளிவாகலாம், ஆனால் அதனால் குத்து குறைந்துவிடாது. எழுதும்போது நம் குரல் நம் காதில் ஒலிக்கிறது. படிப்பவருக்கு அது கேட்பதில்லை.

புகார் கொடுத்தவரோடு நடந்த உரையாடலை மேலே தள்ளிப் படித்துப் பாருங்கள். அவர் எப்போதாவது உங்களைத் திருப்பிக் கிண்டல் செய்திருக்கிறாரா? அல்லது உங்கள் ஒவ்வொரு வரிக்கும் 😀 ஒன்றை மட்டும் இட்டுவிட்டு ஒதுங்கியிருக்கிறாரா? இரண்டாவது என்றால் அவர் விளையாட்டில் சேரவே இல்லை. அவர் பெண் என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. 😏 முகத்துக்குக் காமக் குறிப்பும் இருக்கிறது, அந்தப் பொருளை அவர் எடுத்துக்கொண்டால் தவறு என்று சொல்ல முடியாது.

கேள்வி: முதல் பதிலை நான் ஏற்கவில்லை. எங்கள் குழுவில் யாராவது பிழை செய்தால் "வந்துவிட்டார் நம் ஐன்ஸ்டீன் 😏" என்போம். போலிப் பாராட்டுதான், உண்மையான பிழைதான். ஆனாலும் பன்னிரண்டு ஆண்டு நண்பர்கள், யாரும் வருந்தியதில்லை. (மொழியியல் படித்த மென்பொருள் பொறியாளர், பெங்களூரு)

பதில்: ஏற்கிறேன். எல்லோரும் முறை வைத்து ஐன்ஸ்டீன் ஆகிற இடத்தில் அந்தப் பட்டம் குழுவின் சொத்தாகிவிடுகிறது. நான் சொன்னது, உறவின் வரலாறு தெரியாதபோது பார்க்க வேண்டிய குறி. ஆனால் அடுத்த மாதம் உங்கள் குழுவில் புதிதாக ஒருவர் சேர்ந்து, முதல் பிழைக்கே அந்தப் பட்டம் கிடைத்தால், அது அவரை வரவேற்பதா, விரட்டுவதா? எனக்குத் தெளிவான விடை இல்லை. உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்.

கேள்வி: (மீண்டும் சென்னை) சரி, அந்த "அருமையான அறிக்கை 😏" வரிக்கு நான் என்ன பதில் எழுதுவது?

பதில்: "கிண்டல் செய்கிறீர்களா?" என்று கேட்காதீர்கள். "சும்மா சொன்னேன்" என்று முடித்துவிடுவார். தனிச் செய்தியில் வேலையைப் பற்றிக் கேளுங்கள்: "சார், கூட்டுத்தொகையைத் திருத்திவிட்டேன். வேறு எந்த இடத்தில் திருத்த வேண்டும்?" உங்கள்மீது அக்கறை உள்ளவர் என்றால் பக்க எண்ணோடு பதில் வரும். இன்னொரு 😏 வந்தால், அந்த உரையாடலை அழிக்காமல் வைத்திருங்கள்.