எண் வேறு, ஹால்மார்க் வேறு

கேள்வி: விற்பவர் அனுப்பிய புகைப்படத்தில் மோதிரத்தின் உள்பக்கம் 750 என்ற எண்ணும் இரண்டு எழுத்துகளும் தெரிகின்றன. "ஹால்மார்க் மோதிரம்" என்கிறார். நம்பலாமா?

பதில்: படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதில் ஹால்மார்க் இல்லை.

750 என்றால் ஆயிரம் பங்கில் 750 பங்கு தங்கம். 18 காரட் என்று சொல்வதும் அதைத்தான். அந்தக் கணக்கில் 22 காரட்டுக்கு 916, 14 காரட்டுக்கு 585, 9 காரட்டுக்கு 375. பக்கத்தில் இருக்கும் இரண்டு எழுத்துகள் பெரும்பாலும் செய்தவரின் அடையாளம். ஆகமொத்தம், பரீட்சை எழுதியவரே விடைத்தாளையும் திருத்தி, கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறார். மதிப்பெண் சரியாகவே இருக்கலாம். ஆனால் வேறு யாரும் திருத்தவில்லை.

எந்த எண்ணைக் கண்டாலும் 'ஹால்மார்க்' என்று கூவும் வழக்கம் எனக்கு நெடுநாள் எரிச்சல். அந்தச் சொல்லின் கதையே வேறு. லண்டனில் பொற்கொல்லர் சங்கத்தின் கூடத்துக்கு நகையைக் கொண்டுபோய்ச் சோதிக்கக் கொடுத்து, முத்திரை வாங்கிவர வேண்டியிருந்தது. கூடத்தில் குத்திய முத்திரை, அதனால் ஹால்மார்க். செய்தவரும் இல்லை, விற்பவரும் இல்லை, மூன்றாவது ஆள் ஒருவர் சோதித்தார் என்பதுதான் அதன் பொருள். எனவே நீங்கள் தேட வேண்டியது அந்த மூன்றாவது ஆளின் குறி. பர்மிங்காமில் சோதித்திருந்தால் நங்கூரம், லண்டனில் சிறுத்தைத் தலை, எடின்பரோவில் கோட்டை. இந்தியாவில் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.-இன் முக்கோணம். பல நாடுகள் சேர்ந்து ஏற்றுக்கொண்ட பொது முத்திரை ஒன்றும் உண்டு. அதில் தராசுப் படத்துக்குள் எண் இருக்கும்.

அமெரிக்காவில் இப்படிக் கட்டாயமாகச் சோதிக்கும் அலுவலகம் கிடையாது. காரட் அளவைக் குத்தினால் அருகில் பதிவு பெற்ற வணிக முத்திரையும் இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அங்கிருந்து வரும் மோதிரத்தில் எண்ணைவிட அதன் பக்கத்திலிருக்கும் பெயருக்கே மதிப்பு அதிகம், பொய்யானால் யாரைப் பிடிப்பது என்று அது சொல்லும்.

கேள்வி: 18 கே ஜி.பி. என்று குத்தியிருக்கிறது. 18 காரட் விலை கேட்கிறார்கள். நியாயம்தானா?

பதில்: ஜி.பி. என்றால் தங்க முலாம். கொடுக்காதீர்கள்.

கேள்வி: புகைப்படத்தில் 750 தெளிவாகத் தெரிந்தது. வாங்கிய பிறகு பொற்கொல்லர் கையில் வாங்கிப் பார்த்து, "கனம் போதவில்லை" என்கிறார். நான் ஏமாந்துவிட்டேனா? கல் இல்லாத, கட்டியான மோதிரம்.

பதில்: வருத்தமாக இருக்கிறது. உங்கள் தவறு என்று சொல்லமாட்டேன், ஏனென்றால் இதே பள்ளத்தில் நானும் விழுந்தவன். என்னுடையதிலும் 750 அழகாகக் குத்தியிருந்தது, எழுத்தில் ஒரு கோணல் இல்லை. வீட்டிலேயே சோதித்தேன், நீங்களும் செய்யலாம்.

கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் சிறு மின்தராசு வேண்டும். மோதிரத்தை எடை போட்டேன், 5.18 கிராம். பிறகு ஒரு கிண்ணம் தண்ணீரைத் தராசில் வைத்து எடையைப் பூஜ்யமாக்கினேன். மோதிரத்தை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் முழுக்கத் தொங்கவிட்டேன். நீர்க்குமிழி ஒட்டியிருந்தால் ஆட்டி உதிர்க்க வேண்டும். தராசு 0.50 காட்டியது. அது மோதிரம் விலக்கிய தண்ணீரின் எடை. 5.18-ஐ 0.50-ஆல் வகுத்தால் 10.36.

18 காரட் மஞ்சள் தங்கமாக இருந்தால் விடை 15-க்கும் 16-க்கும் இடையில் வந்திருக்க வேண்டும். 10.36 என்பது 925 வெள்ளியின் அடர்த்தி. நான் வாங்கியது முலாம் பூசிய வெள்ளி. உரைகல்லில் லேசாக உரசியபோது அது தங்கமாகத்தான் தெரிந்தது, மேல்தோல் தங்கம் அல்லவா!

கல் பதித்த மோதிரத்துக்கும் உள்ளே கூடாக இருப்பதற்கும் இந்தக் கணக்கு செல்லாது. கணக்கு ஒத்துவந்தாலும் அதையே சான்றாகக் காட்ட முடியாது. ஒத்துவராவிட்டால், சோதனை மையத்தில் எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். ஒன்று மட்டும் கேளுங்கள்: "உருக்கிப் பார்த்துவிடலாம்" என்று யார் சொன்னாலும் கொடுக்காதீர்கள். பொய்யான அந்த 750 முத்திரைதான் உங்கள் சாட்சி. விளம்பரப் படத்தையும் சேமித்து வையுங்கள்.

கேள்வி: இந்திய மோதிரம். படத்திலிருந்த ஆறு எழுத்து எச்.யு.ஐ.டி. குறியை பி.ஐ.எஸ். செயலியில் போட்டேன், 22 காரட் என்று சரியாக வந்தது. பணம் அனுப்பினேன். வந்த மோதிரத்தில் குறியே வேறு. செயலி தவறா? ஸ்கிரீன்ஷாட் இணைத்திருக்கிறேன்.

பதில்: செயலி சரியாகத்தான் சொன்னது, நீங்கள்தான் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். நீங்களே அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் 'பொருள் வகை' என்ற இடத்தில் என்ன இருக்கிறது? செயின். மோதிரம் வாங்கப் போனவர் செயினின் குறியைப் பார்த்துத் திருப்தியடைந்திருக்கிறீர்கள்.

அந்தக் குறி ஒவ்வொரு நகைக்கும் தனித்தனி. அப்படி ஒரு நகை சோதிக்கப்பட்டது, அதன் சுத்தம் இவ்வளவு, சோதித்த மையம் இது என்று செயலி சொல்லும். படத்திலிருக்கும் மோதிரம்தான் அந்த நகை என்று அதனால் சொல்ல முடியாது. அதனால்தான் குறியை மட்டும் நெருக்கமாக எடுத்த படம் போதாது என்று தலையால் அடித்துக்கொள்கிறேன். குறியில் தொடங்கி, கேமராவை எடுக்காமல் மோதிரத்தைச் சுற்றிக் காட்டும் வீடியோ கேளுங்கள். கொடுக்க மறுத்தால் விட்டுவிடுங்கள். இப்போதைக்கு, விளம்பரப் படத்தையும் வந்த மோதிரத்தின் படத்தையும் அருகருகே வைத்து விற்றவருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள், குறிகள் வேறு என்பதே போதுமான காரணம்.

கேள்வி: ஹால்மார்க் இருக்கிறது என்றால் வைரமும் அசல்தானே?

பதில்: முத்திரை தங்கத்துக்கு. கல்லை யாரும் பார்க்கவில்லை.

கேள்வி: பழைய மோதிரம். வெளிப்பக்கம் வேலைப்பாடு தேய்ந்து மழுங்கிவிட்டது. உள்ளே நங்கூரம், எண், எழுத்து எல்லாம் நேற்றுக் குத்தியதுபோல் இருக்கின்றன. மகிழ்ச்சி அடையலாமா?

பதில்: சற்றுப் பொறுங்கள். உள்பக்கம் வெளிப்பக்கத்தைவிட மெதுவாகத்தான் தேயும், அதனால் இது இயல்பாகவும் இருக்கலாம். ஆனால் பழைய தில்லுமுல்லு ஒன்று உண்டு. உடைந்த அசல் நகையிலிருந்து முத்திரை உள்ள துண்டை வெட்டியெடுத்து, மட்டமான வளையத்தில் வைத்துப் பற்றவைத்துவிடுவார்கள். முத்திரை அசல், மோதிரம் போலி.

முத்திரைமீது வாயால் ஊதி ஆவி படியவிட்டு, அது மறையும்போது லென்ஸ் வழியாகப் பாருங்கள். முத்திரையைச் சுற்றிக் கட்டம்போல் மெல்லிய கோடு தெரிந்தால் அது பற்றவைத்த தையல். கோடு முத்திரையைச் சுற்றாமல், வளையத்தைக் குறுக்கே வெட்டிச் சென்றால் பயப்பட வேண்டாம், யாரோ அளவு மாற்றியிருக்கிறார்கள். பெரிதாக்க இடையில் துண்டு சேர்த்திருந்தால், அந்தத் துண்டுக்கு மட்டும் நங்கூரம் பொறுப்பில்லை.