வாலோடு வால் பொருந்தினால்தான் கழியும்

கேள்வி: என் பையன் ஒன்பதாம் வகுப்பு. 0.4181818… என்ற எண்ணைப் பின்னமாக மாற்றச் சொன்னால், பத்தால் பெருக்குவதா நூறால் பெருக்குவதா ஆயிரத்தால் பெருக்குவதா என்று ஒவ்வொரு தடவையும் குழம்புகிறான். எதால் பெருக்க வேண்டும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உங்கள் பையனிடம் யாரோ "எத்தனை இலக்கம் திரும்ப வருகிறதோ அத்தனை பூஜ்யம் போட்டுப் பெருக்கு" என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பியிருப்பார்கள். 0.333…, 0.272727… வரைக்கும் அந்த வரி ஓடும். பிறகு பெரிய பிள்ளைகளுக்கான பயிற்சித் தாள், அதாவது சீனியர் ஷீட், கைக்கு வரும். அதில் புள்ளிக்கு அடுத்து திரும்ப வராத ஓர் இலக்கம் உட்கார்ந்திருக்கும், இங்கே 4 இருக்கிறதே அது மாதிரி. அங்கேதான் எல்லாப் பிள்ளைகளும் நிற்கிறார்கள். நான் மும்பை செம்பூரில் வீட்டிலேயே கணக்கு டியூஷன் எடுக்கிறேன். இந்த ஒரு வகைக் கணக்குக்காகவே தனியாக ஒரு ஷீட் வைத்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெருக்கல் எதற்கு என்று பையனுக்குப் புரிய வேண்டும். பத்தால் பெருக்கினால் புள்ளி ஓர் இடம் வலப்பக்கம் போகிறது, நூறால் என்றால் இரண்டு இடம், வேறொன்றும் இல்லை. நமக்கு வேண்டியது, புள்ளிக்குப் பின்னால் ஒரே மாதிரி வால் உள்ள இரண்டு எண்கள். வால் ஒன்றாக இருந்தால் கழிக்கும்போது அது முழுதாகப் போய்விடும், முடிவில்லாத சமாச்சாரம் முடிந்துவிடும்.

x = 0.4181818… என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 4 தொந்தரவு செய்கிறது, அதைப் புள்ளிக்கு இடப்பக்கம் தள்ளிவிட்டால் வால் சுத்தமாக 18, 18 என்று தொடங்கும்:

10x = 4.181818…

இன்னொரு எண்ணுக்கும் இதே வால் வேண்டும். திரும்ப வருவது 18, இரண்டு இலக்கம். அதனால் இன்னும் இரண்டு இடம் தள்ள வேண்டும்:

1000x = 418.181818…

இரண்டிலும் புள்ளிக்குப் பின்னால் 181818… தான். கழித்தால் 990x = 414. x = 414/990, மேலும் கீழும் 18ஆல் வகுத்தால் 23/55. அவ்வளவுதான்.

இப்போது அவன் பத்தோடு நிறுத்தியிருந்தால் என்ன ஆகும் என்று அவனையே செய்யச் சொல்லுங்கள். 4.181818… இலிருந்து 0.418181… ஐக் கழித்தால் 3.763636… வரும். வால் அப்படியே நிற்கிறது. முதலில் இருந்த தலைவலியே திரும்ப வந்துவிட்டது, எண் மட்டும் வேறு. தப்பு நடந்துவிட்டது என்று அந்த இடத்திலேயே கண்ணுக்குத் தெரியும், விடை வரை போகத் தேவையில்லை. எங்கள் சீனியர் ஷீட்டில் இரண்டு வரிகளையும் புள்ளிக்கு நேர் கீழே புள்ளி வருகிற மாதிரி, குறைந்தது ஆறு இலக்கம் எழுதிக் காட்டச் சொல்வேன். இரண்டே இலக்கம் எழுதிவிட்டு மூன்று புள்ளி வைக்கிற பிள்ளைகள்தான் வால் பொருந்தவில்லை என்பதைக் கவனிக்காமல் விடுகிறார்கள்.

சரி, "எதால் பெருக்குவது" என்பதற்கு நேரான பதில்: இரண்டு பெருக்கல்களுக்கும் நடுவே எத்தனை இடம் வித்தியாசம் என்று பாருங்கள். திரும்ப வருவது இரண்டு இலக்கம் என்றால் அந்த வித்தியாசம் இரண்டாக இருந்தால் போதும். 1000x, 10x எடுக்கலாம். 10000x, 100x எடுத்தாலும் 4181.8181… கழித்தல் 41.8181…, 9900x = 4140, விடை அதே 23/55. ஏன், வெறும் 100x, x எடுத்தாலும் சரிதான்! 41.8181… கழித்தல் 0.41818…, இரண்டாம் இலக்கத்திலிருந்து இரண்டும் பொருந்துகிறது, 99x = 41.4 என்று வரும். தசமப் புள்ளி ஒன்று மிச்சம், அவ்வளவுதான். மேலும் கீழும் பத்தால் பெருக்கினால் 414/990.

இந்தக் கடைசி வழியைப் பற்றித்தான் எனக்கு மனசு ஆறவில்லை. என்னிடம் படித்த ஒரு பெண், நல்ல கெட்டிக்காரி, பள்ளித் தேர்வில் இதே மாதிரி ஒரு கணக்கை 100x − x என்று போட்டு, 99x = 41.4, அடுத்த வரியில் 414/990, அடுத்த வரியில் 23/55 என்று முறையாக முடித்திருந்தாள். பேப்பரில் சிவப்பு மையில் "முறை தவறு" என்று எழுதி பாதி மார்க் கொடுத்திருந்தார்கள். "மாமி, ஆன்சர் கரெக்ட், அப்புறம் முறை எப்படித் தப்பாகும்?" என்று கேட்டாள். நானும் அதைத்தான் கேட்கிறேன். அவள் அம்மா பேப்பரை எடுத்துக்கொண்டு போய்க் கேட்டபோது, இந்த வகைக்கு 1000x − 10x தான் ஸ்டெப், கரும்பலகையில் போட்டது அதுதான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இத்தனைக்கும் பல வருடம் புழக்கத்தில் இருந்த என்.சி.இ.ஆர்.டி. ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தின் முதல் பாடத்திலேயே 0.2353535… என்ற எண்ணை 100x எடுத்து, 99x = 23.3 என்று எழுதி, 233/990 என்று முடித்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். மார்க் வரவில்லை. புத்தகத்தில் இருக்கிற வழியையே தப்பு என்று அடித்தால் பிள்ளை அடுத்த தடவை யோசிக்குமா, கரும்பலகையைக் காப்பி அடிக்குமா, நீங்களே சொல்லுங்கள்.

    

இப்போது குறுக்கு வழி. வீடியோக்களில் ஓடுகிறது, உங்கள் பையனும் பார்த்திருப்பான்: புள்ளிக்குப் பின்னால் உள்ள எல்லாவற்றையும் ஒரு தடவை எழுது, திரும்ப வராததைக் கழி, கீழே திரும்ப வரும் இலக்கத்துக்கு ஒரு 9, வராததற்கு ஒரு 0. அதாவது (418 − 4)/990. நான் இதற்கு எதிரி இல்லை, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், மேலே போட்ட கழித்தலின் கடைசி வரிதான் இது. ஆனால் அந்தக் கழித்தலைப் போட்டுப் பார்க்காத பிள்ளை நான்கைக் கழிக்க மறந்து 418/990 என்று எழுதும், அல்லது அதோடு பூஜ்யம் வர வேண்டிய இடத்திலும் 9 போட்டு 418/999 என்று எழுதும். இரண்டும் பார்க்க நியாயமான விடை மாதிரியே இருக்கும். 418/990 ஐ வகுத்துப் பார்த்தால் 0.4222… , 418/999 ஐ வகுத்தால் 0.418418… , கேட்ட எண் இரண்டுமே இல்லை.

வகுக்க நேரமில்லை என்றால் இன்னொரு சோதனை இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்தது. சுருக்கிய பின்னத்தின் பகுதியைக் காரணிகளாகப் பிரியுங்கள். 55 என்பது 5 × 11. அதில் உள்ள 5 ஒரே ஒரு தடவை, அதனால் திரும்ப வராத இலக்கம் ஒன்று. 11 இரண்டு இலக்கச் சுழற்சியைக் கொடுக்கும், ஏனென்றால் 99 பதினொன்றால் வகுபடும், 9 வகுபடாது. கேட்ட எண்ணும் அப்படித்தான், ஒரு 4, பிறகு 18. ஆனால் 999 இல் 2, 5 என்ற காரணியே கிடையாது, ஆகவே 418/999 இல் புள்ளிக்கு அடுத்த இலக்கத்திலிருந்தே சுழற்சி தொடங்கிவிடும். நம் எண்ணில் முதல் இலக்கம் சுழற்சியில் சேராததால் அந்த விடை தப்பு என்று பகுதியைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

பையனுக்குப் பழக்கத்துக்கு இன்னொன்று, 0.58333… கொடுங்கள். இதில் திரும்ப வராதது இரண்டு, திரும்ப வருவது ஒன்று. 100x = 58.333…, 1000x = 583.333…, வித்தியாசம் ஓர் இடம்தான். 900x = 525, x = 7/12. பன்னிரண்டில் 2 இரண்டு தடவை இருக்கிறது, திரும்ப வராத இலக்கம் இரண்டு. பொருந்துகிறதா, சரி.

யாராவது வந்து "முடிவில்லாத வாலை இப்படிக் கழிக்கலாம் என்று யார் சொன்னது?" என்று கேட்பார்கள், எப்போதும் ஒருவர் வருவார். நியாயமான கேள்விதான். 1 + 10 + 100 + … என்று கூட்டிக்கொண்டே போவதை x என்று வைத்தால், 10x என்பது x − 1 ஆகி, x = −1/9 என்று அபத்தமாக வரும். அங்கே அந்தக் கூட்டல் எந்த எண்ணிலும் போய் நிற்பதில்லை, அதனால் x என்று பெயர் வைத்ததே செல்லாது. நம் எண்ணில் அப்படி இல்லை. 0.4 போக மிச்சம் 0.018, 0.00018 என்று ஒவ்வொன்றும் முந்தியதில் நூறில் ஒரு பங்காகக் குறைகிற பெருக்குத் தொடர், அதன் கூடுதல் 0.018/0.99, அதாவது 1/55. அதோடு 2/5 ஐக் கூட்டினால் அதே 23/55. முடிவில்லாத பெருக்குத் தொடரின் கூடுதல் பின்னால்தான் வரும். அதுவரை கழித்தலை நம்பிப் போடலாம்.

கடைசியாக, கால்குலேட்டரைக் கொடுத்து "பேட்டர்ன் பார்" என்று மட்டும் சொல்லாதீர்கள். 2/3 போட்டால் சில கால்குலேட்டர் கடைசி இலக்கத்தை 7 என்று காட்டும், பிள்ளை அதை முடிகிற தசமம் என்று எடுத்துக்கொள்ளும். 1/17 க்குச் சுழற்சி பதினாறு இலக்கம், பத்து இலக்கத் திரையில் அது ஒரு தடவைகூட முழுதாகத் தெரியாது. காகிதத்தில் நீள்வகுத்தல் போடச் சொல்லுங்கள். முன்னால் வந்த மீதி எந்த இடத்தில் திரும்ப வருகிறதோ, அங்கேதான் சுழற்சி முடிந்து மறுபடி தொடங்குகிறது.