எம்.டி.டி. சோதனையில் மூலிகைச் சாற்றின் அளவைக் கூட்டக் கூட செல் உயிர்ப்பு 100 சதவீதத்தைத் தாண்டி ஏறுகிறது. சாறு செல்லை வளர்க்கிறதா, இல்லை நான் எங்கேயாவது தப்பு செய்கிறேனா?

முதலில் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். செல்லே போடாத குழியில் மெடியம், உங்கள் சாறு, எம்.டி.டி. மூன்றையும் விட்டு, மற்ற குழிகளோடு சேர்த்தே இன்குபேட்டரில் வையுங்கள். அது ஊதாவாக மாறினால், சாறே எம்.டி.டி. சாயத்துக்கு எலக்ட்ரான் கொடுத்து ஒடுக்குகிறது என்று அர்த்தம்.

நானும் இதில் விழுந்தவன்தான். கும்பகோணம் பக்கம் சித்தப்பா வயல் வரப்பில் பறித்த கரிசலாங்கண்ணியைக் காயவைத்து, மெத்தனாலில் சாறு எடுத்து ஹீலா செல்லுக்குக் கொடுத்தேன். மஞ்சள் நிற எம்.டி.டி.யை உயிருள்ள செல்லின் நொதிகள் ஒடுக்கி ஊதா ஃபார்மசானாக மாற்றும், அதை அளந்தால் உயிர்ப்பு தெரியும் என்பதுதான் பாடம். ஆனால் எலக்ட்ரானைக் கொடுத்தது யார் என்று சாயம் பார்ப்பதில்லை. வைட்டமின் சி கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும், செடியின் பாலிஃபீனால் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் மூலிகை என்று நாம் எதைப் பெருமையாகச் சொல்கிறோமோ, அந்தக் குணமே இங்கே வில்லன்.

என் கணக்கையே சொல்கிறேன். சாறு போடாத செல்லின் ஓ.டி., அதாவது ஒளி உறிஞ்சும் அளவு, 0.82. செல்லும் சாறும் இல்லாத வெற்றுக் குழி 0.07. மில்லிக்கு 200 மைக்ரோகிராம் சாறு போட்ட குழி 0.97. வழக்கம்போல வெற்றுக் குழியைக் கழித்தால் 0.90-ஐ 0.75-ஆல் வகுக்க வேண்டும்: 120 சதவீதம். அப்புறம்தான் செல் இல்லாமல் அதே அளவு சாறும் எம்.டி.டி.யும் விட்ட குழியைப் படித்தேன். 0.64! அதைக் கழித்தால் மிச்சம் 0.33, அதாவது 44 சதவீதம். வளர்கிறது என்று நினைத்த செல்லில் பாதிக்கு மேல் அடி வாங்கியிருந்தது. 25 மைக்ரோகிராமில் இதே மாதிரி செல் இல்லாத குழி 0.10தான். அங்கே திருத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. சாற்றின் ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனியாக இப்படிக் குழி வைக்கச் சொல்வது இதனால்தான்.

சாற்றின் சொந்த நிறமும் ஓ.டி.யை ஏற்றும். அதைப் பிரித்தறிய, செல்லும் சாறும் மட்டும் விட்டு எம்.டி.டி. விடாத குழி ஒன்று வையுங்கள். எனக்கு அது சொற்பம்தான், குற்றவாளி ஒடுக்கமே.

ஆனால் 0.97-இல் 0.64-ஐக் கழித்து வரும் எண்ணை நான் நம்ப மாட்டேன். பெரிய எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழித்தால் பிப்பெட் பிழை எல்லாம் மிச்சத்தில் வந்து உட்காரும். ஒட்டி வளரும் செல் என்றால் நேர்வழி இருக்கிறது: எம்.டி.டி. விடும் முன் சாறு கலந்த மெடியத்தை எடுத்துவிட்டு, வெதுவெதுப்பான பி.பி.எஸ்.ஸால் இரண்டு முறை மெதுவாகக் கழுவி, புது மெடியம் 100 மைக்ரோலிட்டர் விடுங்கள். அதில் மில்லிக்கு 5 மில்லிகிராம் எம்.டி.டி. கரைசல் 10 மைக்ரோலிட்டர் விட்டு 3 முதல் 4 மணி நேரம் வையுங்கள். கழுவிச் செய்தபோது எனக்கு 46 சதவீதம் வந்தது. டிரிப்பான் நீலம் போட்டு எண்ணிப் பார்த்ததிலும் செல் ஏறத்தாழ பாதிதான் இருந்தது. செல்லுக்குள் ஏற்கெனவே புகுந்துவிட்ட பொருளைக் கழுவ முடியாது, அதனால் இந்த எண்ணும் வேலையை விட்டுவிடாதீர்கள்.

டி.எம்.எஸ்.ஓ. ஊற்றும் முன் ஒரு நிமிடம் மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். செல்லின் வேலை என்றால் ஊதா ஊசிகள் செல்லோடு ஒட்டி முள்முள்ளாகத் தெரியும். சாற்றின் வேலை என்றால் செல் இல்லாத இடத்திலும் படிகம் சிதறிக் கிடக்கும். இதைப் பார்த்திருந்தால் எனக்கு இரண்டு மாதம் மிச்சம்.

பிளேட் படிப்பதில் ஒரு விஷயம். 570 நானோமீட்டரோடு 630-இலும் படித்துக் கழியுங்கள். ஒரே மாதிரி மூன்று குழிகளில் ஒன்று மட்டும் துள்ளி நின்று, 630-இலும் உயர்ந்திருந்தால், பெரும்பாலும் கரையாத படிகமோ குமிழியோதான். குமிழியைச் சுத்தமான ஊசி முனையால் உடைத்துவிட்டு, பிளேட்டைக் குலுக்கி மறுபடி படித்தாலே சரியாகிவிடும். ஓரக் குழிகளில் மெடியம் ஆவியாகும், அங்கே கன்ட்ரோலை வைக்காதீர்கள். சுற்றிலும் உள்ள 36 குழிகளில் பி.பி.எஸ். விட்டு, உள்ளே உள்ள 60-ஐ மட்டும் பயன்படுத்துங்கள்.

எந்த செல் என்று நீங்கள் எழுதவில்லை. மிதந்து வளரும் வகை என்றால் மெடியத்தை இப்படி உறிஞ்சினால் செல்லும் கூடவே போய்விடும். பிளேட்டையே சென்ட்ரிஃப்யூஜில் சுற்றிச் செல்லை அடியில் இறக்கிவிட்டுத்தான் மேல் மெடியத்தை எடுக்க வேண்டும்.